2பி பொருந்தவில்லை என்றால் சீனியரிடம் எப்படிக் கேட்பது: ஆடிட்டர் அலுவலக ஜூனியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஏதேனும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதத்தின் 15ஆம் தேதிக்குப் பிறகு சென்றால், ஜூனியர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்தபடியே சீனியரின் மேசைக்குப் போய், "சார், 2பி டேலி ஆகலை" என்று சொல்லிவிட்டு நிற்பதைக் காணலாம். சீனியர் நிமிர்ந்து பார்த்து, எந்த கிளையன்ட், எந்த மாதம், எவ்வளவு வித்தியாசம், எந்த சப்ளையர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் ஜூனியர் மடிக்கணினியில் எதையாவது தேடுவார். பதினைந்து நிமிடம் கழித்து, இருவரும் சேர்ந்து தேடியதில், ஜூனியர் தனியாகவே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்று கிடைக்கும். நானும் ஆர்ட்டிகிளாக இருந்த வாட் காலத்தில் இதே போல் நின்றிருக்கிறேன்; இப்போது மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருக்கிறேன். சீனியருக்கு எரிச்சல் தருவது கேள்வி கேட்கப்படுவதன்று, செய்யப்படாத தேடல் வேலை கேள்வியோடு சேர்ந்து அவர் மேசைக்கு வந்துவிடுவதுதான் என்பது இந்தப் பக்கம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறது: கிளையன்ட்டின் கொள்முதல் கணக்கில் உள்ள உள்ளீட்டு வரி வரவும், ஜிஎஸ்டி இணையதளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பியும் பொருந்தாதபோது, தேட வேண்டியதைத் தேடி முடித்து, சீனியர் மட்டுமே தீர்க்கக்கூடிய ஒரு துண்டை மட்டும் அவரிடம் கொண்டுசெல்வது எப்படி என்பது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

எவ்வளவு நேரம் தனியாக முயல்வது, எப்போது கேட்பது என்பதை இந்த வேலையில் நாட்காட்டிதான் முடிவுசெய்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் சப்ளையர்கள் முந்தைய மாத விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1இல் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதை வைத்து 14ஆம் தேதி நமக்கு 2பி உருவாகிறது. நம் கிளையன்ட்டும் மாதத் தாக்கல்காரர் என்றால், 3பியை 20ஆம் தேதிக்குள் செலுத்தித் தாக்கல் செய்தாக வேண்டும். ஆக, நம் கையில் இருப்பது ஆறே நாட்கள். அதிலும் கடைசி இரண்டு நாட்கள் சீனியருக்கு எல்லா கிளையன்ட்டுகளின் வரிக் கணக்கும் ஒரே நேரத்தில் வந்து குவியும் நாட்கள்.

இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. 15ஆம் தேதி ஒப்பிட்டுப் பார்த்து, 16 அல்லது 17ஆம் தேதிக்குள் கேள்வி சீனியரிடம் போய்ச் சேர வேண்டும். 19ஆம் தேதி மாலை கேட்கப்படும் மிகச் சிறந்த கேள்வியைவிட, 16ஆம் தேதி காலை கேட்கப்படும் சுமாரான கேள்வி அவருக்குப் பயனுள்ளது, ஏனென்றால் பதிலுக்காக கிளையன்ட்டையோ சப்ளையரையோ தொலைபேசியில் பிடிக்க வேண்டியிருந்தால் அதற்கு நாள் வேண்டும்.

நாளுக்குள்ளும் ஓர் அளவு வேண்டும். நான் ஜூனியர்களுக்குச் சொல்வது, புதிய தகவல் எதுவும் கிடைக்காமல் அரை மணி நேரம் ஓடிவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்பதே. ஒரு மணி நேரம் உழைத்தாலும், ஒவ்வொரு பத்து நிமிடமும் வித்தியாசத்தில் ஒரு பகுதி விளங்கிக்கொண்டே வருகிறது என்றால் நீங்கள் மாட்டிக்கொள்ளவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். அதே பில்லை மூன்றாம் முறையாகத் திறந்து பார்க்கிறீர்கள் என்றால்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாக்கல் செய்துவிட்ட 3பியைத் திருத்த முடியாது. தவறு இருந்தால் அடுத்து வரும் தாக்கல்களில்தான் சரிசெய்ய வேண்டும். எனவே தாக்கல் பொத்தானுக்கு அருகில் எழும் சந்தேகத்துக்கு அரை மணி நேர விதி பொருந்தாது. அப்போது சீனியர் எங்கிருந்தாலும், கிரீம்ஸ் சாலை வணிகவரி அலுவலகத்தில் விசாரணைக்குப் போயிருந்தாலும், அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

வித்தியாசத்தைத் துண்டுகளாக உடையுங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிளையன்ட்டை வைத்துக்கொள்வோம். பாரிமுனைப் பகுதியில் மின்சாதன மொத்த வியாபாரம். வயர், சுவிட்ச், விசிறி. மே மாதக் கணக்கில் டாலியின்படி உள்ளீட்டு வரி வரவு ₹4,86,420. ஜூன் 14ஆம் தேதி வந்த 2பியில் எடுத்துக்கொள்ளக்கூடியது, கிரெடிட் நோட்டுகளைக் கழித்த பிறகு, ₹4,39,980. வித்தியாசம் ₹46,440.

இந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு சீனியரிடம் போவதுதான் முதல் தவறு. ஒற்றை எண்ணாகத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருவதில்லை. இரண்டு மூன்று காரணங்கள் கலந்து நிற்கும், கலந்த நிலையில் அதை யாராலும் அடையாளம் காண முடியாது.

பெரும்பாலான ஜூனியர்கள் உடனே பில் எண்ணை வைத்து VLOOKUP போடுகிறார்கள். நம் கணக்காளர் 457 என்று பதிந்திருப்பார், சப்ளையர் முன்னொட்டு, நிதியாண்டு எல்லாம் சேர்த்து நீளமாகப் போட்டிருப்பார். நூறு பில்களில் நாற்பது பொருந்தாதவை போலத் தோன்றும், அவற்றில் முப்பத்தைந்து உண்மையில் சரியாகவே இருக்கும். அதற்குப் பதிலாக முதலில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண் வாரியாக இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை எடுங்கள். எக்செலில் பிவட் போட்டால் ஐந்து நிமிட வேலை. நம் எடுத்துக்காட்டில் முப்பத்தெட்டு சப்ளையர்களில் முப்பத்தைந்து பேரின் கூட்டுத்தொகை பைசா மாறாமல் பொருந்திவிடுகிறது. மூன்று பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். இனி அந்த மூவரின் பில்களை மட்டும் பார்த்தால் போதும். கூட்டும்போது மத்திய, மாநில, ஒருங்கிணைந்த வரிகளைத் தனித்தனிப் பத்திகளாக வையுங்கள். ஒருங்கிணைந்த வரியைத் தவறாக மத்திய, மாநில வரியாகப் பதிந்திருந்தால் மொத்தத்தில் அது தெரியவே தெரியாது.

முதல் சப்ளையரின் இரண்டு பில்கள் 2பியில் இல்லவே இல்லை. வரி ₹16,200, ₹10,800, சேர்த்து ₹27,000. இதைச் சீனியரிடம் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால், எந்த மாதக் கணக்கை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்ற பட்டியல் வரும். இவர் மாதத் தாக்கல்காரர். மே மாத ஜிஎஸ்டிஆர்-1ஐ ஜூன் 13 அன்று தாக்கல் செய்திருக்கிறார். 11ஆம் தேதியைத் தாண்டிவிட்டதால் இந்த 2பியில் வராது, ஜூலை 14 அன்று உருவாகும் அடுத்த 2பியில் வரும். சப்ளையர் காலாண்டுத் தாக்கல்காரராக இருந்தால் கதை வேறு என்பதைக் கவனியுங்கள். அவர் மாத இடையில் பில்களைப் பதிவேற்றியிருக்காவிட்டால், காலாண்டின் முதல் இரண்டு மாதப் பில்கள் காலாண்டு முடிந்த பிறகுதான் நமக்குத் தென்படும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே "சப்ளையர் ஃபைல் பண்ணலை சார்" என்று சொல்லி, நல்ல சப்ளையர் மீது கிளையன்ட் சண்டைக்குப் போன கதைகள் உண்டு.

இரண்டாவது, ₹1,440. இது 2பியில் இருக்கிறது, ஆனால் எடுத்துக்கொள்ள முடியாத வரவுகளின் பட்டியலில் இருக்கிறது. பில்லைத் திறந்தால் பெங்களூரு ஓட்டலில் தங்கிய கட்டணம். ஓட்டலின் ஜிஎஸ்டி எண் கர்நாடகத்துக்குரிய 29 என்று தொடங்குகிறது, நம் கிளையன்ட்டின் எண் தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்குகிறது. தங்கும் சேவை கட்டடம் இருக்கும் மாநிலத்தில் நடந்ததாகவே கருதப்படும். ஓட்டல் கர்நாடகத்தின் மத்திய, மாநில வரிகளைப் போட்டிருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் பதிவில் வரவாக எடுக்க முடியாது. 2பியின் அந்த வரிசையிலேயே காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. டாலியில் அந்த வரியைச் செலவுக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பது தெளிவு.

மூன்றாவதாக, மிச்சம் ₹18,000. ஒரு பெரிய சப்ளையர் மே 28 தேதியிட்டு ஒரு கிரெடிட் நோட் போட்டிருக்கிறார், நம் டாலியில் அது இல்லை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 27,000, 1,440, 18,000 சேர்ந்தால் 46,440. வித்தியாசம் முழுவதும் விளங்கிவிட்டது, விளங்காத ரூபாய் ஒன்றுகூட இல்லை. இந்தக் கூட்டலைச் செய்து பார்க்காமல் கேள்வி எழுதத் தொடங்காதீர்கள். கூட்டல் இருநூறு ரூபாய் குறைந்தால்கூட, எங்கோ ஒரு பெரிய பிளஸும் ஒரு பெரிய மைனஸும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருக்கலாம்.

மிஞ்சியது ஏன் சீனியருடைய கேள்வி?

கிரெடிட் நோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் தேடலாம். வரி ₹18,000, விகிதம் 18 சதவீதம் என்றால் அடிப்படைத் தொகை சரியாக ₹1,00,000. வயரும் சுவிட்ச்சும் திரும்பிப் போனதற்கான கிரெடிட் நோட் இப்படி முழு எண்ணாக வருவது அரிது. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து உடைந்த தொகையாகத்தான் வரும். எனவே இது ஏதோ ஒரு தள்ளுபடியாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். கிளையன்ட்டின் கணக்காளரை அழைத்தால், பொருள் எதுவும் திருப்பி அனுப்பவில்லை, இப்படி ஒரு கிரெடிட் நோட் தன் கைக்கு வரவே இல்லை என்கிறார். போன ஆண்டின் கோப்பில் அதே சப்ளையரின் லெட்ஜரைப் பார்த்தாலும் இது போன்ற பதிவு இல்லை.

இங்கேதான் நிறுத்த வேண்டும். இனி இதை ஏற்றுப் பதிவுசெய்வதா, சப்ளையரிடம் மறுத்துக் கேட்பதா என்பது கிளையன்ட்டுக்கும் சப்ளையருக்கும் இடையிலான பேச்சைப் பற்றியது. அது எந்த இணையதளத்திலும் இல்லை, டாலியிலும் இல்லை. பத்தாண்டாக அந்த கிளையன்ட்டைப் பார்த்துவரும் சீனியரின் நினைவில் இருக்கலாம். என் அனுபவத்தில் சீனியரிடம் போக வேண்டியவை இரண்டே வகை: அவருக்கு மட்டும் தெரிந்த பழைய விவரம், அவர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவு. சட்டப்பிரிவின் பொருள் போன்றவையும் சில நேரம் வரும், ஆனால் அவற்றில் பாதி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடிகின்றன.

கேள்வியை எழுதும் முறை

கேள்வியை நேரில் கேட்கப் போவதாக இருந்தாலும் முதலில் எழுதிவிடுங்கள். எழுதும்போதே விடை கிடைத்துவிடும் கேள்விகள் நிறைய. கீழே உள்ளது எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜூனியர் அனுப்பியது போன்ற செய்தி. எடுத்துக்காட்டுக்காக எண்களை மேலே உள்ள கணக்குக்குப் பொருத்தியிருக்கிறேன்.

"சார், வணக்கம். பாரிமுனை எலக்ட்ரிக்கல்ஸ் கிளையன்ட், மே மாத 2பி. ஒரு கிரெடிட் நோட் பற்றி உங்கள் முடிவு வேண்டும்; 18ஆம் தேதி மதியத்துக்குள் தெரிந்தால் போதும்.

வயர் சப்ளையர் மே 28 அன்று ரூ.1,00,000க்கு (வரி ரூ.18,000) கிரெடிட் நோட் போட்டிருக்கிறார். நம் டாலியில் இல்லை. சரக்கு எதுவும் திருப்பவில்லை, நோட்டும் வரவில்லை என்று அவர்கள் கணக்காளர் சொல்கிறார். போன ஆண்டு லெட்ஜரிலும் இப்படி இல்லை.

முழுத் தொகையாக இருப்பதால் தள்ளுபடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் டாலியில் பதிந்து 2பியின்படியே வரவு எடுத்துவிடலாம். இல்லையென்றால் சப்ளையரிடம் கேட்க வேண்டும். எது சரி சார்?

மொத்த வித்தியாசம் ரூ.46,440. மீதியில் 27,000 சப்ளையர் 13ஆம் தேதி ஃபைல் செய்ததால் அடுத்த மாதம் வரும். 1,440 பெங்களூரு ஓட்டல், செலவுக்கு மாற்றுகிறேன். எக்செல் இணைத்துள்ளேன், 'வித்தியாசம்' தாளில் 7ஆம் வரிசை."

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது முதல் இரண்டு வரிகளிலேயே வந்துவிடுகிறது. பேருந்தில் நின்றபடி படிக்கும் சீனியர் அதைப் பார்த்து, இப்போதே பதில் சொல்வதா, மாலையில் பார்ப்பதா என்று முடிவுசெய்துகொள்ளலாம். தீர்ந்துவிட்ட பகுதிகள் கடைசியில் வருகின்றன. அவற்றை அவர் படிக்காமல் விட்டாலும் நட்டமில்லை, ஆனால் 27,000 பற்றிய உங்கள் முடிவு தவறாக இருந்தால் அவர் கண்ணில் படும். தலைகீழாக, காலையிலிருந்து என்னென்ன செய்தேன் என்று கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு போனால், கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையும் அவருடையதாகிவிடும்.

உங்கள் ஊகத்தை எழுதத் தயங்காதீர்கள். தவறாக இருந்துவிடுமோ என்ற கூச்சத்தில் பலர் "என்ன செய்யலாம் சார்?" என்று மட்டும் எழுதி நிறுத்துகிறார்கள். ஊகம் இருந்தால் சீனியர் "ஆமாம்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடலாம். தவறாக இருந்தால் உங்கள் புரிதலில் எந்த இடம் பிசகியது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நேரெதிரான ஒரு தவறும் உண்டு. அது பார்ப்பதற்கு நல்ல கேள்வி போலவே இருக்கும். "சார், 46,440ஐ இந்த மாதம் 3பியில் சேர்த்து எடுத்துவிட்டு, அடுத்த மாதம் திருப்பிக் காட்டலாமா?" என்று கேட்பது. இங்கே ஜூனியர் தன் சிக்கலைச் சொல்லவில்லை, தானே கண்டுபிடித்த ஒரு குறுக்குவழிக்கு அனுமதி கேட்கிறார். "கூடாது" என்று சீனியர் சொல்லிவிட்டால் வித்தியாசம் அப்படியே நிற்கும்; அவசரத்தில் "சரி" என்று சொல்லிவிட்டாலோ, 2பியில் இல்லாத வரவை எடுத்ததற்கு வட்டியோடு நோட்டீஸ் வரும். குறுக்குவழியைப் பற்றிக் கேட்பதானாலும், எந்தச் சிக்கலுக்காக என்பதை முதலில் சொல்லுங்கள்.

எதில் அனுப்புவது என்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. எண்கள் உள்ள கேள்வியைக் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள். ஒரு தொகையைத் திரும்பக் கேட்க மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கும். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதும் வேண்டாம். "சார், ஒரு டவுட்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும்விட மோசம், ஏனெனில் அவர் "சொல்லும்மா" என்று பதில் போட்ட பிறகுதான் உங்கள் தட்டச்சே தொடங்கும். அவசரமில்லாத இரண்டு மூன்று கேள்விகள் இருந்தால் சேர்த்துவைத்து ஒரே முறை கேளுங்கள், ஆனால் ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு செய்தி என்று பிரித்து எழுதுங்கள்.

பதில் வந்த பிறகு

மேலே உள்ள செய்திக்கு வந்த பதில் இவ்வளவுதான்: "அது வருஷ டர்ன்ஓவர் தள்ளுபடிம்மா, இந்த வருஷம்தான் ஆரம்பிச்சாங்க. ஓனரோட தம்பிதான் அதைப் பேசினார், அக்கவுன்டன்டுக்குத் தெரிஞ்சிருக்காது. தம்பிகிட்ட லெட்டர் காப்பி வாங்கிப் பார்த்துட்டு என்ட்ரி போட்டுடு." படிக்க இரண்டு நிமிடம், எழுத ஒரு நிமிடம். இதே விவரத்தை ஜூனியர் தானாகக் கண்டுபிடிக்க எந்த வழியும் இருந்திருக்காது.

பதில் வந்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை ஒரே வரியில் திருப்பி எழுதுங்கள்: "சரி சார், கடிதத்தில் தொகையும் காலமும் பொருந்தினால் பதிந்துவிடுகிறேன், பொருந்தாவிட்டால் மட்டும் உங்களிடம் சொல்கிறேன்." கடைசிப் பாதிதான் முக்கியம். இல்லாவிட்டால் கடிதம் வந்ததா, என்ன ஆயிற்று என்று சீனியர் மனத்தில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே இருப்பார். பதில் வராமல் 18ஆம் தேதி மதியம் ஆகிவிட்டால், மீண்டும் முழுக் கேள்வியையும் அனுப்பாமல், பழைய செய்திக்கே பதிலாக "சார், இது மட்டும் நிற்கிறது" என்று எழுதுங்கள். மாலைக்குள்ளும் வராவிட்டால் நேரில் போய்க் கேட்பதில் தவறில்லை.

அடுத்து, அந்த கிளையன்ட்டின் கோப்பில் "வித்தியாசம்" தாளிலேயே ஒரு பத்தி சேர்த்து, தள்ளுபடி விவரத்தையும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும், எந்தத் தேதியில் யார் சொன்னார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஆர்ட்டிகிள் பயிற்சி 2023 ஜூலை முதல் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. நீங்கள் தேர்வு விடுப்பில் போனதும் உங்கள் இடத்துக்கு வரும் ஜூனியர், அடுத்த ஆண்டு மே மாதத்தில் இதே ஒரு லட்ச ரூபாய் கிரெடிட் நோட்டைப் பார்த்துவிட்டு அதே சீனியரிடம் போய் நிற்பார்.

அதே தாளில் ₹27,000க்கு எதிரே "ஜூலை 14, 2பியில் பார்க்க" என்று குறித்துவிடுங்கள். அந்த நாள் இரண்டு பில்களும் வந்திருந்தால் அந்த வரிசையை மூடிவிடலாம். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால், முதலில் அந்த சப்ளையரை அழைத்து, விடுபட்ட பில்லை எந்த ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிந்தார் என்று கேளுங்கள். தவறுதலாக வேறொருவரின் எண்ணுக்குப் பதிந்திருப்பதும் நடக்கும்.